ஒரு ஏக்கர் வெண்டை: 2,000 கிலோ வந்தால் போட்ட காசு வந்துவிடுமா?

புதுப்பாத்தி

எல்லோருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் சொந்தமாக ஒரு ஏக்கர் செம்மண் காடு இருக்கிறது. போர்வெல் உண்டு, சொட்டுநீர் மானியத்தில் போட்டாயிற்று. இதுவரை வெள்ளாமை செய்ததில்லை. வருகிற ஆடிப் பட்டத்தில் வீரிய ஒட்டு வெண்டை போடலாம் என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு ஒரு கணக்குப் போட்டேன்.

உழவும் பார் போடுவதும் 5,000. தொழுவுரம் 4 டிப்பர் 10,000. விதை 2 கிலோ 7,000. விதை ஊன்ற 6 ஆள் 2,100. அடியுரம், மேலுரம் சேர்த்து 6,000. களை இரண்டு முறை 7,000. மருந்தடிப்பு ஏழு தடவைக்கு 9,100. சில்லறைச் செலவு 1,800. சொட்டுநீருக்கு நான் காசு கட்டவில்லை, அதனால் பூஜ்யம். கரண்டும் இலவசம். மொத்தம் 48,000.

விலை கிலோ 25 என்று வைத்தால் 48,000 ÷ 25 = 1,920 கிலோ. ஏக்கருக்கு 5 டன்னுக்குக் குறையாது என்கிறார்கள். அப்படியானால் 2,000 கிலோவுக்கு மேல் வருவதெல்லாம் லாபம்தானே? கணக்கில் எதையாவது விட்டிருக்கிறேனா?

ஆத்தூரான்

பறிப்புக் கூலியை அப்படியே விட்டுட்டீங்க தம்பி. வெண்டையில பெரிய செலவே அதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும், ரெண்டு மாசத்துக்கு. தோராயமா 50,000 ஆகும். அதையும் சேர்த்தா 98,000. அதை 25-ஆல வகுங்க, 3,920 கிலோ. நாலு டன்னு வந்தா தப்பிச்சீங்க. இவ்வளவுதான் கணக்கு.

வரப்போரம்

ஆத்தூரான் அண்ணன் பிடித்த இடம் சரி. ஆனால் பறிப்புக் கூலியை உழவு, விதையோடு ஒரே மூட்டையாகக் கட்டினால் விடை தப்பாக வரும். உழவுக் கூலி 1 டன் விளைந்தாலும் 6 டன் விளைந்தாலும் 5,000தான். பறிப்புக் கூலி காய் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். 50,000 என்று எழுதும்போதே 5 டன் விளையும் என்று முடிவு செய்துவிட்டோம். எத்தனை கிலோ விளைய வேண்டும் என்பதுதானே கேள்வி? அதனால் இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும்: காய்க்கு முன்னால் ஆகிற நிலைச்செலவு ஒன்று, ஒவ்வொரு கிலோவுக்கும் ஆகிற செலவு ஒன்று.

பறிப்பை எடுத்துக்கொள்வோம். விதைத்த 45 நாள் வாக்கில் முதல் பறிப்பு, நூறு நாள் வரை ஒன்றுவிட்ட நாள் பறித்தால் 28 பறிப்பு. ஒரே அளவாக வராது. முதல் 5 பறிப்பில் ஏக்கருக்கு 50 கிலோதான் தேறும். பிறகு 13 பறிப்பு 280 கிலோ அளவில் நிற்கும். கடைசி 10 பறிப்பு 110 கிலோவுக்கு இறங்கிவிடும். கூட்டினால் 4,990 கிலோ, புது ஆளுக்கு இது நல்ல மகசூல்.

அரைநாள் கூலி 350 என்று வைப்போம். காய் நிறைந்த நாளில் ஒரு ஆள் 40 கிலோ பறிப்பார், 280 கிலோவுக்கு 7 ஆள், 2,450 ரூபாய், கிலோவுக்கு 8.75. ஆனால் 50 கிலோ கிடைக்கிற முதல் வாரத்திலும் ஏக்கர் முழுக்க ஒவ்வொரு பாராக நடந்து தேடித்தான் பறிக்க வேண்டும். 3 ஆள் இல்லாமல் முடியாது. 1,050 ரூபாய், கிலோவுக்கு 21! கடைசியில் 110 கிலோவுக்கு 4 ஆள், கிலோவுக்கு 12.70. எல்லாம் கூட்டி வகுத்தால் கிலோவுக்கு 10 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். 10 என்றே வையுங்கள்.

சொட்டுநீரைப் பூஜ்யம் என்று எழுத வேண்டாம். பக்கக் குழாய் நாளைக்கு மாற்ற வேண்டியதுதான், எலி கடிக்கும், துளை அடைக்கும். இந்தப் போகத்தின் பங்காக 2,000 போடுங்கள். நிலைச்செலவு சரியாக 50,000 ஆகிறது. மண்டியில் பிடிப்பதை அது தெரிந்தவர் யாராவது சொல்லட்டும்.

மண்டிச்சீட்டு

நான் சொல்கிறேன். 25 ரூபாய் விலை என்றால் உங்கள் கைக்கு 25 வராது. ஒரு சீட்டை அப்படியே எழுதிக் காட்டுகிறேன்.

5 சாக்கு, தோட்டத்தில் போட்ட எடை 250 கிலோ. சாக்குக்கு 2 கிலோ கழிவு போனால் 240 கிலோ. 240 × 25 = 6,000. கமிஷன் நூற்றுக்குப் பத்து, 600. மிச்சம் 5,400. இறக்குக்கூலி சாக்குக்கு 10 வீதம் 50. வண்டி வாடகை 250. சாக்கும் சணலும் 75. கைக்கு வருவது 5,025. அதாவது கிலோவுக்கு 20.10.

கழிவும் கமிஷனும் மண்டிக்கு மண்டி மாறும். முதல் லோடு ஏற்றும் முன்பே நேரில் போய், "சாக்குக்கு எவ்வளவு கழிப்பீங்க, கமிஷன் எவ்வளவு, பணம் எத்தனை நாள்ல" என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். முத்தல் கலந்த சாக்கு என்றால் கழிவு இன்னும் கூடும், அல்லது மொத்தச் சாக்கும் இரண்டாம் ரக விலைக்குப் போகும். பறிக்கும்போது காயின் நுனியை விரலால் வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் பதம். வளைந்து நார் இழுத்தால் அதைச் சாக்கில் போடாதீர்கள்.

வரப்போரம்

நன்றி அண்ணா. இதைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டு பிடித்தம் விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும்: கழிவு 4 சதம், கமிஷன் 10 சதம். விலை எதுவானாலும் கிலோவுக்கு ஆகிற செலவு: பறிப்பு 10, வண்டி, சாக்கு, இறக்குக்கூலி 1.50, ஆக 11.50. புதுப்பாத்தி, எக்ஸெலில் B1-ல் நிலைச்செலவு, B2-ல் விலை, B3-ல் கழிவு 4%, B4-ல் கமிஷன் 10%, B5-ல் கிலோச்செலவு போட்டு இதை அடியுங்கள்:

```
=B1/(B2*(1-B3)*(1-B4)-B5)
```

25 ரூபாய் விலைக்குப் பிடித்தம் போக 21.60. அதில் 11.50 கழித்தால் ஒரு கிலோவுக்கு 10.10தான் நிலைச்செலவை அடைக்க மிஞ்சுகிறது. 50,000 ÷ 10.10 = 4,950 கிலோ. நீங்கள் போட்டது 1,920. ஆத்தூரான் அண்ணன் போட்டது 3,920.

இது எட்டுகிற அளவா என்று செடியில் வைத்துப் பாருங்கள். இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 22,000 குழி. 85 சதம் நிலைத்தால் 18,700 செடி. 4,950 கிலோவை அதில் பங்கிட்டால் செடிக்கு 265 கிராம். பதமான காய் 13 கிராம் அளவில் இருக்கும், ஆக செடிக்கு 20 காய். நல்ல செடி இதைத் தாண்டிக் காய்க்கும். ஆனால் முளைப்பு குறைந்து பாரில் சந்து விழுந்தால் மீதிச் செடிகள் 25, 30 காய் என்று சுமக்க வேண்டும். விதைத்த ஏழெட்டு நாளில் சந்தில் மறுவிதை ஊன்றச் சொல்வது இதற்காகத்தான். பதினைந்து நாள் கழித்து ஊன்றினால் பெரிய செடியின் நிழலில் அது எழும்பாது.

புதுப்பாத்தி

விலையை 5 ரூபாய் மாற்றிப் பார்த்தேன். 30-க்கு 3,467 கிலோ போதும் என்கிறது. 20-க்கு 8,651 கிலோ! ஐந்து ரூபாயில் இவ்வளவு ஆடுமா? போன பருவத்தில் ஒட்டன்சத்திரத்தில் வெண்டை 35-ல் ஆரம்பித்து, நடுவில் 20, கடைசியில் 32 போனதாகச் சொன்னார்கள். சராசரி 29. அதையே போட்டுக்கொள்ளலாமா?

வரப்போரம்

ஆடும். விலை 25-லிருந்து 20-க்கு இறங்குவது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் உங்களுக்கு மிஞ்சுவது 10.10-லிருந்து 5.78-க்கு இறங்குகிறது, ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல்.

29 போடக் கூடாது. மேலே போட்ட பறிப்புக் கணக்கின்படி அந்தந்த விலையில் உங்களிடம் எத்தனை கிலோ இருந்திருக்கும் என்று பாருங்கள். 35 ரூபாய் விலை நின்றபோது உங்கள் காட்டில் மொத்தமே 250 கிலோ. 20 ரூபாய்க்கு விழுந்தபோது 3,640 கிலோ. 32-க்கு ஏறியபோது 1,100 கிலோ. பணத்தைக் கூட்டிக் கிலோவால் வகுத்தால் 23.40தான். அந்த விலையில் போட்ட காசு திரும்ப 5,735 கிலோ வேண்டும். அதாவது 4,990 கிலோ விளைந்தும் 6,500 ரூபாய் கைநட்டம். இது தற்செயலும் இல்லை. ஆடியில் எல்லோரும் ஒன்றாக விதைத்தால் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் காய் முட்டும். உங்கள் காடு நிறைந்திருக்கும் வாரம்தான் மண்டியும் நிறைந்திருக்கும்.

பாலாற்றங்கரை

எல்லாரும் மண்டி மண்டின்னே பேசுறீங்களே, உழவர் சந்தையை ஏன் விட்டுட்டீங்க? 1999-ல மதுரையில தொடங்கினதே இடைத்தரகு இல்லாம விக்கத்தானே. கமிஷன் கிடையாது, கழிவு கிடையாது. கைக்கு 30 வந்தா மேல சொன்ன கணக்கெல்லாம் மாறிடும்.

மண்டிச்சீட்டு

விலை கூடக் கிடைக்கும், அதில் சந்தேகமே இல்லை. அடையாள அட்டை வாங்கிவிட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் அங்கே ஒருவர் உட்கார்ந்து கால் கிலோ, அரைக் கிலோவாக நிறுத்துக் கொடுக்க வேண்டும். 50 கிலோ வருகிற நாளில் அது மிக நல்ல வழி. 280 கிலோ வெண்டையை ஒரு காலையில் சில்லறையாக விற்றுவிட முடியுமா? மிஞ்சியது மறுநாள் வாடிக் கறுக்கும். முதல் வாரமும் கடைசி வாரமும் உழவர் சந்தை, நடுவில் மண்டி என்று பிரித்துக் கணக்குப் போட்டால் உருப்படியாக இருக்கும். ஒருவர் காலைப்பொழுதின் கூலியையும் அதில் எழுதுங்கள்.

ஈஸ்வரி_தாராபுரம்

தம்பி கேட்டது செலவைக் குறைக்க வழிதானே? நீங்க எல்லாம் கணக்கையே பேசிட்டு இருக்கீங்க. எங்க வீட்டுல நாலு பேர் விடிகாலையிலயே இறங்கிப் பறிச்சுடுவோம். கூலின்னு ஒத்தைக் காசு வெளிய போறதில்லை. கையில முழுக்கைச் சட்டையும் உறையும் போட்டாச் சுணை அரிக்காது. தம்பி வீட்டுலயும் ஆள் இருந்தா அந்த ரெண்டு டன்னே போதும்.

வரப்போரம்

அக்கா, அவர் கேட்டது எத்தனை கிலோவில் போட்டது திரும்பும் என்பதுதான். ஆனாலும் நீங்கள் சொன்னதில் கணக்குக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. பறிப்புக்கு வெளி ஆளே இல்லை என்றால் கிலோச்செலவு 11.50 இல்லை, வெறும் 1.50. அப்போது 50,000 ÷ 20.10, 2,488 கிலோ. உங்கள் "ரெண்டு டன்" போதாது, ரெண்டரை டன் வேண்டும்.

ஆனால் நாலு பேர் ஒரு காலையில் பறிப்பது 160 கிலோ. காய் முட்டும் நாளில் 280 கிலோ நிற்கும். மிச்சம் 120 கிலோ மறுநாள் பறித்தால் பாதி முத்தல். அதோடு செடியில் காய் முற்ற முற்ற அடுத்த பூவும் குறையும். வீட்டாளோடு ஏக்கர் முழுக்க இறங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

இன்னொன்று, வீட்டாள் உழைப்புக்குக் காசு வெளியே போகாவிட்டாலும் அதை எழுதத்தான் வேண்டும். மத்திய அரசின் வேளாண் செலவு, விலை ஆணையமே இதைப் பிரித்துத்தான் எழுதுகிறது: கைக்காசு ஏ2, அதோடு குடும்ப உழைப்பு, அதற்கும் மேலே சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும் முதலின் வட்டியும் சேர்ந்த சி2. புதுப்பாத்தி தினமும் 2 மணி நேரம் தண்ணீர், மருந்து, மேற்பார்வை என்று 110 நாள் நின்றால், எட்டு மணி நேர நாளாக 27.5 நாள். நாளுக்கு 600 வைத்தால் 16,500. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வருஷத்துக்கு 24,000 கிடைக்கும் என்றால் நாலு மாதத்துக்கு 8,000. நிலைச்செலவு 74,500 ஆகிறது. 25 ரூபாயில் 7,376 கிலோ வேண்டும். முதல் வருஷக்காரருக்கு எட்டாத அளவு.

ஈஸ்வரி_தாராபுரம்

வீட்டுல இருக்கறவங்களுக்கு அந்த நேரத்துல வேற வேலையே இல்லைன்னா எந்தக் கூலியை எழுதறது? காடு சும்மா கிடந்தா யாராவது 8,000 கொண்டு வந்து குடுக்கறாங்களா? தாள்ல நட்டம்னு எழுதிட்டா நாங்க சாப்பிட்டது பொய்யாயிடுமா?

வரப்போரம்

இல்லை அக்கா. வேறு வேலை நிஜமாகவே இல்லை என்றால் அந்தக் கூலியைக் குறைத்து எழுதலாம், குத்தகைக்குக் கேட்க ஆளே இல்லை என்றால் அதையும் பூஜ்யம் போடலாம். நான் சொல்வது இரண்டு கோடு வேண்டும் என்பது. கீழ்க்கோடு 4,950, அதற்கும் கீழே போனால் கடன். மேல்கோடு 7,376, அதற்கும் கீழே என்றால் உழைப்புக்கு முழுக் கூலி கிடைக்கவில்லை. நடுவில் எங்கே நின்றால் போதும் என்பது அவரவர் வீட்டு நிலைமை. புதுப்பாத்தி வேலைக்குப் போகிற ஆள் என்றால் மேல்கோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஆத்தூரான்

விலை 10-க்கு விழுந்தா என்ன பண்றது? பலபேர் காட்டையே ஓட்டி விடுறாங்க.

வரப்போரம்

பறிப்பு, சாக்கு, வண்டிக்கே 11.50. பிடித்தம் போக அது வர விலை 13.30 இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒவ்வொரு கிலோவையும் பறிப்பதே நட்டம்.

மண்டிச்சீட்டு

கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆனால் வெண்டையைப் பறிக்காமல் பத்து நாள் விட்டால் செடி முற்றிக் காய்ப்பு ஓய்ந்துவிடும், பிறகு விலை ஏறினாலும் பிரயோசனமில்லை. அடுத்தாற்போல் முகூர்த்தம், ஓணம் வருவதாக இருந்தால் ஒரு வாரம் நட்டத்துக்கும் பறிக்கலாம் என்பது என் எண்ணம்.

வரப்போரம்

ஒரு வாரம் என்றால் நான்கு பறிப்பு. விலை 10 என்றால் கைக்கு 8.64, கிலோவுக்கு 3 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நட்டம். 280 கிலோவுக்கு ஒரு பறிப்பில் 800, நான்கில் 3,200. செடி இளசாக, இன்னும் பத்துப் பறிப்பு மிச்சம் இருந்தால் அந்த 3,200 போடலாம். கடைசி ஐந்து பறிப்புதான் பாக்கி என்றால் நான் போடமாட்டேன். இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கட்டும்.

புதுப்பாத்தி

மஞ்சள் நரம்புத் தேமல் வந்தால் என்ன செய்வது? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதா?

வரப்போரம்

இருக்கிறது, ஆனால் வேறு கணக்கு. வெள்ளை ஈ பரப்பும் நோய் அது. இலை நரம்பெல்லாம் வலைபோல மஞ்சளாகும், பின்னால் காயும் வெளுத்துச் சிறுக்கும். பிடித்த செடியைக் குணமாக்க மருந்து கிடையாது. 35-ஆம் நாள் காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 100 செடி எண்ணுங்கள். அத்தனை சின்ன வயதில் பிடித்த செடியைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நூற்றில் 50 செடி போயிற்று என்று வைப்போம். இந்த நேரத்தில் 4,950-ஐ மறந்துவிட வேண்டும். உழவு, விதை, களைக்குப் போட்ட காசு போட்டதுதான், காட்டை ஓட்டினாலும் திரும்பாது. இனிமேல் போட வேண்டிய உரம், மருந்து 10,000 என்றால் அதை மட்டும் எடுங்கள். 10.10-ஆல் வகுத்தால் சுமார் 1,000 கிலோ போதும், மீதிச் செடியில் 2,495 கிலோ வருமே என்று தோன்றும். ஆனால் செடி பாதியானால் பறிக்கிற ஆள் ஒரே தூரம் நடந்து பாதிக் காய்தான் எடுப்பார். பறிப்பு கிலோவுக்கு 16-க்கு ஏறினால் மிஞ்சுவது 4.10. அப்போது 2,440 கிலோ வேண்டும். ஆக, பாதிக்கு மேல் போனால் காட்டை ஓட்டிவிட்டு அடுத்த பயிரைப் பார்ப்பதே மேல். பத்து, பதினைந்து செடி என்றால் பிடுங்கி எரித்துவிட்டுத் தொடருங்கள்.

புதுப்பாத்தி

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் நாங்கள் நாலு பேர் காலையில் பறிக்க முடியும். அதனால் இந்த ஆடிக்கு 50 சென்ட் மட்டும் போடுகிறேன். காய் முட்டும் நாளில் 140 கிலோ, நாலு பேர் பறித்துவிடுவோம். நிலைச்செலவு பாதி 25,000, கிலோச்செலவு 1.50. 25 ரூபாய்க்கு 1,244 கிலோ என்று வருகிறது. சரிதானே?

மண்டிச்சீட்டு

வண்டி வாடகையைப் பாதியாக்கிவிட்டீர்கள் தம்பி. 140 கிலோ ஏற்றினாலும் வண்டிக்காரர் 250தான் கேட்பார். வண்டி மட்டும் கிலோவுக்கு 1.79 ஆகிறது, முதல் வாரத்தில் 25 கிலோவுக்கு 10 ரூபாய். பக்கத்துத் தோட்டத்துக் காயோடு சேர்த்து ஏற்ற முடியுமா என்று விதைக்கும் முன்பே பேசிவிடுங்கள். அவர் பறிக்கும் நாளில் நீங்களும் பறிக்கிற மாதிரி முறையை வைத்துக்கொண்டால்தான் அது நடக்கும்.